செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டதா, உறிஞ்சுகுழி அடைத்துக்கொண்டதா? கசடு எடுக்க வேண்டிய நேரத்தை அளந்து அறியும் வழி

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: கழிவு உறிஞ்சும் லாரிக்குப் போன் போடுவது. லாரி வந்து டேங்கைக் காலி செய்கிறது, தண்ணீரும் ஜோராக இறங்குகிறது. ஒரு வாரம் போனதும் பழைய கதை. "போன வாரம்தானே எடுத்தோம், அதுக்குள்ள நிரம்பிடுச்சா?" என்று வீட்டில் எல்லோரும் குழம்புவார்கள்.

குழம்ப இதில் ஒன்றுமில்லை. செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அப்படி இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். காலி செய்த டேங்க் சில நாட்களில் மறுபடி விளிம்பு வரை நிரம்புவது இயல்பு. கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை உறிஞ்சுகுழி வாங்கிக்கொள்கிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனிக் கோளாறுகள், வைத்தியமும் வேறு. லாரி முதலாவதைத்தான் சரி செய்யும்.

உள்ளே நடப்பது என்ன

முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் அடியும் சுவரும் தண்ணீர் கசியாத பெட்டி. குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கும். முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. வீட்டிலிருந்து வரும் குழாய் முதல் அறையில் திறக்கிறது, உறிஞ்சுகுழிக்குப் போகும் குழாய் இரண்டாவது அறையிலிருந்து கிளம்புகிறது. உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கும். டேங்கின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது இந்த வெளிக்குழாயின் அடிவிளிம்புதான். உள்ளே ஒரு வாளி வந்தால் மறுமுனையில் ஒரு வாளி வெளியேறும்.

உள்ளே வந்த கழிவு அசையாமல் நிற்கும்போது மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசை, சோப்பு, குமிழிகள் தூக்கிவந்த துணுக்குகள் மேலே ஏடாக மிதக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கலங்கலான தண்ணீர். இந்த நடுத்தண்ணீர் மட்டும்தான் வெளியே போக வேண்டும். அதற்காகவே வெளிக்குழாயின் முனையில் 'டி' வடிவக் குழாயை மாட்டி, அதன் கீழ்க்காலை நீருக்குள் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் இறக்கி விடுகிறார்கள். மேலே ஏடு, கீழே கசடு, நடுவிலிருந்து தண்ணீர். அந்த டி உடைந்து விழுந்தால் ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். விழுந்தது பல வருடம் யாருக்கும் தெரியாமலே கிடக்கும்.

அடியில் படிந்த கசடைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கின்றன. மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. உயரமான காற்றுக்குழாய் இவற்றுக்காகத்தான். ஆனால் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று முடிப்பதில்லை. மண், சாம்பல், நார் என்று கரையாத மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். கணக்குப் போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு: கழிவறைத் தண்ணீர் மட்டும் டேங்குக்கு வந்தால் ஆளுக்கு வருடம் சுமார் 25 லிட்டர் கசடு, குளியலறை, சமையலறைத் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் 40 லிட்டர்.

டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. கனமான பொருள்கள் பெரும்பாலும் பிரிந்திருக்கும், நோய்க்கிருமிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மீதிச் சுத்திகரிப்பு உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணில் நடக்கிறது. அதனால்தான் குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 2 மீட்டர் மண் வேண்டும், கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சொல்கிறார்கள். டேங்கின் தண்ணீரைத் திறந்த சாக்கடையில் விடுபவர்கள் பாதிச் சுத்திகரிப்பைத் தெருவில் கொட்டுகிறார்கள்.

உறிஞ்சுகுழியின் ஆயுள் எங்கே இருக்கிறது

உறிஞ்சுகுழிக்கு அடியில் காங்கிரீட் கிடையாது. சுவர் இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல்லாகவோ ஓட்டைபோட்ட உறையாகவோ இருக்கும், அல்லது குழி முழுக்கக் கருங்கல் ஜல்லி போட்டிருப்பார்கள். தண்ணீர் மண்ணைத் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் சேர்ந்து கறுப்பான வழவழப்புப் படலம் ஒன்று உருவாகும். இந்தப் படலம் மெல்லியதாக இருக்கும்வரை நல்லது, கிருமிகளை வடிகட்டுவதில் அதற்கும் பங்குண்டு. தடித்துப்போனால் தண்ணீரை மண்ணுக்குள் விடாது. குழியின் அடிப்பகுதி முதலில் அடைத்துக்கொள்ளும், பிறகு சுவர்தான் வேலை பார்க்கும். ஆகவே குழியின் கொள்ளளவைவிடச் சுவரின் பரப்புதான் முக்கியம். எவ்வளவு பெரிய குழி என்று கேட்டால் ஆழத்தையும் விட்டத்தையும் சொல்கிறார்களே தவிர, மண் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

மண்ணுக்கு மண் இது மாறும். செப்டிக் டேங்க் தண்ணீரை மணல்மண் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வரை வாங்கும். மணலும் வண்டலும் கலந்த சாதாரண மண் ஏறக்குறைய 30 லிட்டர். இறுகிய களிமண்ணுக்கு 10 லிட்டரே அதிகம். சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் இதைவிட எத்தனையோ மடங்கு வேகமாக இறங்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது, படலம் உருவான பிறகு இருக்கும் வேகம்தான் கணக்கு.

கசடு எடுக்காமல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் புரியும். அடியில் கசடு ஏற ஏற, தண்ணீர் நிற்க மிச்சமிருக்கும் இடம் சுருங்குகிறது. 2,400 லிட்டர் டேங்குக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் வந்தால், புதிதில் தண்ணீர் கிட்டத்தட்ட ஐந்து நாள் உள்ளே நிற்கும். மூன்றில் ஒரு பங்கைக் கசடு பிடித்தால் மூன்று நாள். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துவிட்டால் ஒரு நாள்கூட நிற்காது. படிய நேரமில்லாத கசடு தண்ணீரோடு உறிஞ்சுகுழிக்குப் போய்ப் படலத்தைத் தடிக்க வைக்கும். டேங்கைக் காலி செய்துவிடலாம், அடைத்துப்போன மண்ணை லாரியால் உறிஞ்சி எடுக்க முடியாது. கசடு எடுப்பதன் முழு நோக்கமும் குழியைக் காப்பாற்றுவதுதான்.

அளக்கும் முன் ஒரு எச்சரிக்கை

கீழே சொல்லும் எல்லா வேலையும் தரைமேல் நின்று செய்வது. டேங்குக்குள்ளோ உறிஞ்சுகுழிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது, காலி செய்த பிறகும்கூட. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இப்படித்தான். மூடியைத் திறந்ததும் விலகி நின்று சற்று நேரம் காற்றாட விடுங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், தனியாகச் செய்ய வேண்டாம். குழந்தைகள் வரும் இடமென்றால் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

படி 1: நீர்மட்டத்தைப் பாருங்கள்

இரண்டாவது அறையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வெளிக்குழாய் தெரியும். கோளாறு எந்தப் பக்கம் என்பதில் பாதி இந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் வெளிக்குழாயின் அடிவிளிம்பைத் தொட்டு நின்றால் டேங்கின் மட்டம் சரி. அப்படியும் கழிவறை அடைக்கிறதென்றால் அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் இடைப்பட்ட குழாயிலோ உள்வரும் டி குழாயிலோ இருக்கிறது. நீளமான கம்பி விட்டு எடுத்தால் போதும், லாரி தேவையில்லை.

வெளிக்குழாயை மூழ்கடித்து மட்டம் மேலே ஏறியிருந்தால் தடை டேங்குக்கு அப்பால். குழியோ அதற்குப் போகும் குழாயோ தண்ணீரை வாங்கவில்லை.

மட்டம் குழாய்க்குக் கீழே, அதுவும் கணிசமாகக் கீழே என்றால் டேங்க் கசிகிறது. "எங்க வீட்டு டேங்கை இருபது வருஷமா எடுத்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில் பலவற்றின் ரகசியம் இதுதான். அடியில் காங்கிரீட் போடாத வெறும் குழியைச் செப்டிக் டேங்க் என்று அழைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் கிணறுதான் பாவம்.

படி 2: கசடின் உயரத்தை அளங்கள்

இரண்டரை, மூன்று மீட்டர் நீளக் கம்பு அல்லது பிவிசி குழாய் ஒன்று போதும். அதன் கீழ்முனையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய வெள்ளைத் துவாலையைச் சுற்றிச் சணலால் இறுகக் கட்டுங்கள். முதல் அறையில் மிதக்கும் ஏட்டை ஓரிடத்தில் வேறொரு குச்சியால் விலக்கி, அந்த இடைவெளி வழியாகக் கம்பை நேராக மெல்ல இறக்குங்கள். அடித்தரை தட்டும்வரை இறங்க வேண்டும். கசடு இறுகியிருந்தால் இடையிலேயே நின்றது போலத் தோன்றும், லேசாக அழுத்திப் பாருங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்து, கம்பைச் சற்றுத் திருப்பி நிதானமாக மேலே எடுங்கள். துவாலையின் கீழ்ப்பகுதியில் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும், அதற்கு மேல் வெறும் ஈரம். கறுப்பின் உயரம்தான் கசடின் உயரம். கம்பில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அது தண்ணீரின் ஆழம். வேகமாக இழுத்தால் ஏடு துவாலையில் பூசிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். உள்வரும் குழாய்க்கு நேர் கீழே அளக்காதீர்கள், அங்கே குவியலாக இருக்கும். இரண்டாவது அறையிலும் இதே மாதிரி அளந்துகொள்ளுங்கள்.

முதல் அறையில் கசடின் உயரம் நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. இரண்டாவது அறையில் கெட்டியாகக் கசடு கண்டால் நேரம் கடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: ஏட்டைப் பாருங்கள்

இதற்கு வேறு கம்பு. அதன் முனையில் ஒரு சாண் அகலப் பலகையைக் குறுக்கே ஆணி அடித்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்குக் கீழே இறக்கி, திருப்பி, மெல்ல மேலே தூக்கினால் பலகை ஏட்டின் அடியில் இடிக்கும். அந்த இடத்தில் கம்பில் கோடு போடுங்கள். பிறகு அதே பலகையை வெளிக்குழாய் டி-யின் கீழ்விளிம்பில் கொக்கி போல மாட்டி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், கசடு குறைவாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். சமையலறை எண்ணெய் நிறையப் போகும் டேங்குகளில் கசடைவிட ஏடு முந்திக்கொள்வது உண்டு.

ஒரு வீட்டின் கணக்கு

ஐந்து பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். டேங்க் உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், நீர் ஆழம் 1.2 மீட்டர், ஆக 2,400 லிட்டர். உறிஞ்சுகுழி 1.2 மீட்டர் விட்டம், குழாய்க்குக் கீழே 2 மீட்டர் ஆழம். மண் சாதாரணக் கலப்பு மண். கட்டி மூன்று வருடம் ஆகிறது. முதலில் கழிவறைத் தண்ணீர் மட்டும் டேங்குக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரையும் அதிலேயே இணைத்தார்கள். இப்போது கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை, குழியைச் சுற்றித் தரை சொதசொதவென்று இருக்கிறது. லாரியைக் கூப்பிடலாமா?

திறந்து பார்த்தால் மட்டம் வெளிக்குழாய்க்கு 10 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. துவாலைக் கம்பில் முதல் அறையில் 24 சென்டிமீட்டர் கறுப்பு, இரண்டாவதில் 8. முதல் அறையின் தரைப்பரப்பு 1.33 சதுர மீட்டர் என்பதால் அங்கே சுமார் 320 லிட்டர், அடுத்த அறையில் சுமார் 55 லிட்டர், மொத்தம் 375. ஐந்து பேருக்கு ஆளுக்கு 25 லிட்டர் வீதம் மூன்று வருடத்துக்கு வரும் கணக்கும் அதுதான். எடுக்க வேண்டிய உயரமோ 120-ல் மூன்றில் ஒன்று, அதாவது 40 சென்டிமீட்டர். முதல் அறையில் வருடத்துக்கு 8 வீதம் ஏறியிருக்கிறது, அதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஏட்டிலும் பிரச்சினை இல்லை. ஆக, டேங்க் குற்றவாளி அல்ல.

குழிக்கு வருவோம். சுவரின் பரப்பு 3.14 × 1.2 × 2, சுமாராக 7.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 30 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 225 லிட்டர் இறங்கும். கழிவறைத் தண்ணீர் ஆளுக்கு 30 லிட்டர் என்று பார்த்தால் 150, குழி சிரமமில்லாமல் வாங்கியிருக்கும். குளியலும் துவைப்பும் சேர்ந்து 500 லிட்டர் ஆனதும் தினமும் 275 லிட்டருக்குப் போக்கிடம் இல்லை. குழி நிரம்பி, குழாயில் ஏறி, டேங்கில் நின்று, கழிவறை வரை வந்துவிட்டது.

லாரியை அழைத்திருந்தால்? 2,400 லிட்டர் காலி இடம் கிடைத்திருக்கும். 500 லிட்டர் வீதம் அது சுமார் ஐந்து நாளில் நிரம்பும். முதல் பத்தியில் சொன்ன அந்த ஒரு வாரக் கதையின் கணக்கு இதுதான்.

இந்த வீட்டுக்கு முதல் வேலை, குளியல், துவைக்கும் தண்ணீரைப் பிரித்துத் தனிக் குழிக்கோ தோட்டத்துக்கோ விடுவது. எல்லாவற்றையும் ஒரே டேங்க் வழியாகத்தான் விட வேண்டுமென்றால் 500-ஐ 30-ஆல் வகுத்து, சுமார் 17 சதுர மீட்டர் சுவர் வேண்டும். இதே அளவில் இன்னும் இரண்டு குழி தோண்ட வேண்டிவரும். ஏற்கெனவே தடித்த படலம் உள்ள குழியைச் சில மாதம் தண்ணீரே விடாமல் காயப்போட்டால் காற்றுப் பட்டுப் படலம் கரைந்து ஓரளவு மீளும். அதனால்தான் இரண்டு குழி போட்டு மாற்றி மாற்றி விடுவதைச் சிலர் விரும்புகிறார்கள். எனக்கும் அந்த ஏற்பாடுதான் பிடிக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் வந்து பிறகு தானே சரியாகும் கோளாறு வேறு ரகம். நிலத்தடி நீர் ஏறிக் குழியையே நிரப்பியிருக்கும். குழியை ஆழப்படுத்தினால் இன்னும் மோசமாகும், ஆழம் குறைந்த அகலமான குழியோ மேடாக்கிய பரப்போதான் வழி.

படி 4: எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

அளவு மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டது, லாரி வருகிறது. இப்போது ஆட்கள் செய்யும் அவசரத்தைக் கவனியுங்கள். குழாயை மேலாக விட்டு நடுத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு, டேங்க் காலி என்று மூடிவிடுவார்கள். எடுக்க வேண்டிய கசடு அடியிலேயே இருக்கும். இரண்டு அறையின் மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். முதலில் ஏட்டை உடைத்துக் கலக்க வேண்டும். கொஞ்சம் உறிஞ்சியதும் அதே தண்ணீரைத் திருப்பிப் பீய்ச்சி அடிக்கசடைக் கிளறி, மறுபடி உறிஞ்ச வேண்டும். பல வருடம் விட்ட கசடு களிமண் போல இறுகியிருக்கும், அதற்கு அழுத்தத் தண்ணீர் தேவைப்படும். முடிந்ததும் கம்பை விட்டுப் பாருங்கள்.

டேங்கின் மட்டம் இறங்கும்போது வெளிக்குழாய் பக்கம் ஒரு கண் வையுங்கள். குழியிலிருந்து தண்ணீர் டேங்குக்குள் திரும்ப ஓடிவந்தால் குழி நிரம்பி நிற்கிறது என்று அர்த்தம். இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது, லாரிக்காரர் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம். டி குழாய் இரண்டும் இருக்கிறதா, தடுப்புச் சுவர் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்கும் இதுவே நேரம்.

காலி டேங்கைக் கழுவவோ பினாயில் ஊற்றவோ வேண்டாம். சுவரில் ஒட்டிய மிச்சமும் புதிதாக வரும் கழிவுமே நுண்ணுயிரைக் கொண்டுவரும். ஈஸ்ட், சாணம், கடையில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை. கசடையே கரைத்து எடுக்கும் அவசியம் இல்லாமல் செய்யும் பொடி என்று ஒன்று கிடையாது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடமென்றால், எடுத்த உடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். காலி டேங்க், குறிப்பாகப் பிளாஸ்டிக் டேங்க், அடியிலிருந்து தண்ணீர் தள்ளுவதால் மிதந்து எழும்பி குழாய்களை முறித்துவிடும். அந்த மாதிரி இடங்களில் மழைக்காலத்தில் எடுப்பதையே தவிர்ப்பது நல்லது.

எடுத்த கசடு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கோ உலர்த்தும் படுகைக்கோ போக வேண்டியது அது. பச்சைக் கசடில் புழு முட்டைகளும் கிருமிகளும் உயிரோடு இருக்கும், ஓடையிலோ காய்கறி வயலிலோ கொட்டக் கூடாது.

அடுத்தது எப்போது

இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். அளந்து பார்ப்பவருக்கு அந்தப் பொதுக்கணக்கு தேவைப்படாது. எடுத்த தேதியை மூடியின் அடிப்பக்கத்தில் பெயின்டால் எழுதி வைத்து, வருடம் ஒரு முறை துவாலைக் கம்பை விடுங்கள். இரண்டு அளவு கிடைத்ததும் வருடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் ஆள் கூடினாலோ, புதிதாக ஒரு குழாயை டேங்கில் இணைத்தாலோ பழைய வேகம் செல்லாது. ஆறு மாதத்தில் மறுபடி அளந்து புது வேகத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.